போட்ட சீட்டு மேலே வரும்: ஒரு மூழ்கும் தீவு விளையாட்டைக் கற்றுக்கொடுத்த பதிவு

பெட்டி வந்தது, விதித்தாள் வரவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் உறவுக்காரப் பிள்ளைகள் விளையாடி முடித்த 'ஃபார்பிடன் ஐலண்ட்' பெட்டி தங்கச்சிமடத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, அதற்குள் எல்லாம் இருந்தன. விதித்தாள் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. கேட்டதும் அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அந்தப் படங்களை வைத்துக்கொண்டு, பலகை விளையாட்டு என்றால் தாயமும் கேரமும்தான் என்று இருந்த ஒரு குடும்பத்துக்கு விளக்க வேண்டியது என் பொறுப்பு ஆனது.

தடைக்காலம் நடந்துகொண்டிருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகு கடலுக்குப் போகாது. மச்சான் வலை பொத்துவதும் படகுக்கு வண்ணம் அடிப்பதுமாக வீட்டோடு இருப்பார். ஆட்டத்துக்கு அக்கா, மச்சான், மருமகள், மருமகன் என்று நான்கு பேர். விளையாட்டு இரண்டு முதல் நான்கு பேருக்கானது. நான் விளக்குபவனாக வெளியே உட்கார்ந்துகொண்டேன். முதல் முறை கற்றுக்கொடுக்கும்போது இதுவே வசதி. நாமும் ஒரு காயை வைத்துக்கொண்டால் விளக்கமும் ஆட்டமும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும்.

முதலில் படங்களைப் பற்றி. பளபளப்பான தாளை டியூப்லைட்டுக்குக் கீழே விரித்து எடுத்திருந்தார்கள். ஒரு படத்தின் நடுவில் வெள்ளைக் கோடாக வெளிச்சம் அடித்திருந்தது. மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்துகள் வளைந்து ஒரு வரி முழுதும் காணாமல் போயிருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்து உடைந்து புள்ளியாகிறது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். மறுபடி எடுக்கச் சொன்னபோது நான் கேட்டவை இவைதான்: விளக்கை அணைத்துவிட்டு வாசல் வெளிச்சத்தில் எடுங்கள், போனைத் தாளுக்கு நேர் மேலே பிடியுங்கள், தாளின் நான்கு ஓரமும் படத்துக்குள் வரட்டும், புகைப்படமாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' என்று அனுப்புங்கள். ஓரம் தெரிய வேண்டும் என்று நான் வற்புறுத்தியதற்குக் காரணம் உண்டு. ஓரம் வெட்டுப்பட்ட படத்தைப் படிக்கும்போது, வாக்கியம் முடிந்துவிட்டதா, அடுத்த பத்திக்குத் தொடர்கிறதா என்பது தெரியாது. விதியில் பாதி வாக்கியம் கிடைத்தால், கிடைக்காததைவிட ஆபத்து.

இரண்டாவது முறை வந்த படங்கள் தெளிவாகவே இருந்தன, ஒரே ஓர் இடத்தைத் தவிர. நீர்மட்டம் உயரும் சீட்டு வந்தால் என்ன செய்வது என்ற பகுதியில் மறுபடியும் வெளிச்சம் விழுந்திருந்தது. கீழே போட்ட வெள்ளச் சீட்டுகளைக் கலைக்க வேண்டும் என்பது வரை தெரிகிறது. கலைத்ததை எங்கே வைப்பது என்பது தெரியவில்லை. விளையாட்டின் உயிரே அந்த இடத்தில்தான் இருக்கிறது.

படம் கைவிட்ட இடத்தில் பெட்டிக்குள் இருக்கும் பொருள்களைப் பார்க்க வேண்டும். தாளில் உள்ள பட்டியலோடு எண்ணிச் சரிபார்த்தோம்: தீவின் துண்டுகள் 24, துண்டுக்கு ஒன்றாக வெள்ளச் சீட்டு 24, புதையல் சீட்டு 28, ஆள் சீட்டு 6, காய் 6, புதையல் பொம்மை 4, நீர்மட்டம் காட்டும் அட்டை ஒன்று. எதுவும் குறையவில்லை. புதையல் சீட்டுகளைப் பிரித்தால் நான்கு புதையலுக்கும் ஐந்தைந்தாக 20, ஹெலிகாப்டர் 3, மணல்மூட்டை 2, நீர்மட்டம் உயரும் சீட்டு 3. அந்தக் கடைசிச் சீட்டைத் திருப்பிப் பார்த்தால் விதி அதிலேயே அச்சாகி இருக்கிறது: குறியை ஒரு கோடு உயர்த்து, போட்ட வெள்ளச் சீட்டுகளைக் கலைத்து, எடுக்கும் கட்டின் மேலே வை. மேலே. ஆள் சீட்டுகளிலும் அவரவர் சிறப்புத் திறமை எழுதியிருக்கிறது. இக்காலத்து விளையாட்டுகள் பலவும் இப்படித்தான்; தாளில் மங்கியது சீட்டிலோ பலகையிலோ இருக்கும்.

பிறகு விளக்கம். விதித்தாள் தன் வரிசையில் போகிறது: பொருள்கள், அடுக்கும் முறை, ஒருவர் முறையில் செய்வன, கடைசியில் வெற்றி தோல்வி. அந்த வரிசையிலேயே வாசித்துக் காட்டினால் பாதிக்குள் மச்சான் எழுந்து போய்விடுவார் என்று எனக்குத் தெரியும். அதனால் முடிவிலிருந்து தொடங்கினேன். இது ஒரு தீவு, மூழ்கிக்கொண்டிருக்கிறது. நாம் நான்கு பேரும் ஒரே கட்சி, எதிரி தண்ணீர். நான்கு புதையலையும் எடுத்துக்கொண்டு, எல்லோரும் 'ஃபூல்ஸ் லேண்டிங்' என்ற துண்டுக்கு வந்து, ஒருவர் ஹெலிகாப்டர் சீட்டைப் போட்டால் வென்றோம். தோற்பதற்கு நான்கு வழிகள். ஃபூல்ஸ் லேண்டிங் மூழ்கினால் தோல்வி. ஒரு புதையலுக்கு உரிய துண்டுகள் இரண்டும் அதை எடுக்கும் முன் மூழ்கினால் தோல்வி. நம்மில் ஒருவர் நின்ற துண்டு மூழ்கி, நீந்திப் போகப் பக்கத்தில் துண்டு இல்லையென்றால் தோல்வி. நீர்மட்டக் குறி மண்டையோட்டைத் தொட்டாலும் தோல்வி.

ஒரே கட்சி என்றதும் மருமகனுக்கு நம்பிக்கையே வரவில்லை. அப்படியானால் ஜெயிப்பது யார் என்று இரண்டு முறை கேட்டான். அக்காளும் தம்பியும் தாயத்தில் காய் வெட்டிக்கொண்டு ஒரு வாரம் பேசாமல் இருந்த வீடு அது.

அடுக்குவதற்குத் தாளில் உள்ள படமே போதும். கலைத்த 24 துண்டுகளை வரிசைக்கு இரண்டு, நான்கு, ஆறு, ஆறு, நான்கு, இரண்டு என்று பாயில் வைத்தோம். துண்டுகள் கனத்த அட்டை, அசையவில்லை. சீட்டுகள்தான் தொல்லை. கச்சான் காற்று தொடங்கிவிட்ட சமயம். சன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் வெள்ளச் சீட்டு பறக்கிறது. இந்த விளையாட்டில் சீட்டுக் கட்டின் வரிசை குலைந்தால் ஆட்டமே குலையும் என்பதால், ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு சங்கை வைக்கச் சொன்னேன். அத்தை மாடத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

வெள்ளச் சீட்டில் ஆறை எடுத்து, அந்தந்தத் துண்டைத் திருப்ப வேண்டும். பின்பக்கம் நீலமாக இருக்கும். நீலம் என்றால் தண்ணீர் ஏறிவிட்டது என்று பொருள், ஆனால் இன்னும் இருக்கிறது. அதன்மேல் நடக்கலாம், நிற்கலாம். நீலமாக இருக்கும்போது அதன் சீட்டு மறுபடியும் வந்தால்தான் அது மூழ்கும். மூழ்கினால் துண்டும் அதன் சீட்டும் ஆட்டத்தை விட்டே போய்விடும்.

ஒருவர் முறையில் மூன்று பகுதிகள். முதலில் மூன்று செயல்கள்: நகர்வது, துண்டை மீட்டு மறுபடி நிமிர்த்துவது, புதையல் சீட்டு கொடுப்பது, புதையல் எடுப்பது. எதை எத்தனை முறை வேண்டுமானாலும் மூன்றுக்குள் செய்யலாம். நகர்வதும் மீட்பதும் நேர்ப் பக்கங்களில்தான், மூலையாகக் கிடையாது. தான் நிற்கும் துண்டையும் மீட்கலாம். சீட்டு கொடுக்க இருவரும் ஒரே துண்டில் நிற்க வேண்டும். ஒரே புதையலின் நான்கு சீட்டுகளோடு அதற்குரிய துண்டில் நின்றால் எடுக்கலாம். அடுத்து, இரண்டு புதையல் சீட்டு எடுக்க வேண்டும். கையில் ஐந்துக்கு மேல் நிற்கக் கூடாது. கடைசியாக, நீர்மட்டம் காட்டும் எண்ணிக்கையில் வெள்ளச் சீட்டு எடுக்க வேண்டும். இந்தக் கடைசிப் பகுதியைப் பிள்ளைகள் மறப்பார்கள். கெட்டது நடக்கும் பகுதி என்பதால் மறக்க விரும்புவார்கள் என்றுகூடச் சொல்லலாம். முறை முடிந்தவர் வெள்ளக் கட்டின் மேலுள்ள சங்கை எடுத்து அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும், சங்கு கைக்கு வராமல் அடுத்தவர் தொடங்கக் கூடாது என்று வைத்தபின் யாரும் மறக்கவில்லை.

ஆள் சீட்டுகளைக் கடைசியில்தான் கொடுத்தேன். எல்லோருக்கும் பொதுவான விதி பழகும் முன் விலக்கைச் சொன்னால் எது விதி, எது விலக்கு என்று குழம்பும். மச்சானுக்கு இன்ஜினியர் வந்தது. ஒரு செயலில் இரண்டு துண்டு மீட்கலாம். மருமகளுக்கு எக்ஸ்ப்ளோரர், அவளுக்கு மட்டும் மூலையாகவும் நகரலாம், மீட்கலாம். அக்காவுக்கு மெசஞ்சர், எங்கிருந்தும் யாருக்கும் தன் புதையல் சீட்டைக் கொடுக்கலாம். மருமகனுக்கு பைலட், முறைக்கு ஒரு தடவை எந்தத் துண்டுக்கும் ஒரே செயலில் பறக்கலாம். அவன் காய் ஃபூல்ஸ் லேண்டிங்கில் நின்று தொடங்கும், மற்றவர்கள் காய் அவரவர் நிறத்து வாசலில். சீட்டுகளை ஆளுக்கு இரண்டு கொடுத்து, திறந்தே வைக்கச் சொன்னேன். ஒளிப்பதற்கு எதுவும் இல்லாத ஆட்டத்தில் மூடிப் பிடிப்பது வீண்.

யார் முதலில் தொடங்குவது என்பதற்குத் தாளில் ஒரு விதி உண்டு: கடைசியாக ஒரு தீவுக்குப் போய் வந்தவர். எழுதியவர் இராமேசுவரம் தீவில் ஒரு வீட்டை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார். நாங்கள் இருப்பதே தீவுதானே என்றார் அக்கா. சந்தைக்குப் போய்ப் பாம்பன் பாலத்தில் திரும்பியது கணக்கில் சேருமா என்று ஒரு வழக்கு நடந்தது. பள்ளியில் குருசடைத் தீவுக்குக் கூட்டிப்போனதைச் சொல்லி மருமகள் முதல் முறையைப் பிடித்துக்கொண்டாள்.

இனி நான் சொல்ல வந்த இடம். நீர்மட்டத்தைத் தொடக்கக்காரர் அளவில், முதல் கோட்டில் வைத்திருந்தோம். அங்கே இரண்டு சீட்டு. முதலில் தண்ணீர் ஏறிய ஆறு துண்டுகளில் ஃபூல்ஸ் லேண்டிங்கும், புதையல் துண்டுகளில் ஒன்றான கோரல் பேலஸும் இருந்தன. மருமகள் ஒரு நகர்வு, இரண்டு மீட்பு செய்தாள். ஆறில் நான்கு மிச்சம். அவள் எடுத்த இரண்டு வெள்ளச் சீட்டால் புதிதாக இரண்டு ஏறி மறுபடியும் ஆறு நீலம். போட்ட கட்டில் இப்போது எட்டுச் சீட்டு, எடுக்கும் கட்டில் பதினாறு. அடுத்து மச்சான், தன் திறமையால் ஒரே செயலில் இரண்டை மீட்டு, மீதியில் நகர்ந்தார். நான்கு நீலம்: ஃபூல்ஸ் லேண்டிங், கோரல் பேலஸ், மிஸ்டி மார்ஷ், வாட்ச்டவர். பிறகு அவர் எடுத்த புதையல் சீட்டுகள் ஒன்று மணல்மூட்டை, மற்றது நீர்மட்டம் உயரும் சீட்டு.

குறியை ஒரு கோடு ஏற்றினோம். அங்கும் இரண்டுதான் எழுதியிருந்தது. அப்படியானால் ஒன்றும் மாறவில்லையே என்றான் மருமகன். அந்த அட்டையில் கோடுகள் 2, 2, 3, 3, 3, 4, 4, 5, 5 என்று போய் மண்டையோட்டில் முடியும். ஒவ்வொரு முறையும் எண் ஏறாது. மாறுவது கட்டு. போட்ட எட்டுச் சீட்டையும் மச்சான் கையில் கொடுத்துக் கலைக்கச் சொன்னேன். பதினாறு சீட்டுக் கட்டைத் தனியாகக் காட்டி, அதைத் தொடாமல், எட்டை அதன் மேலே வைக்கச் சொன்னேன். வைத்த பிறகு கேட்டேன்: இப்போது அடுத்து வரப்போவது எது?

மச்சான் கொஞ்ச நேரம் கட்டைப் பார்த்தார். கடல் தின்ற இடத்தைத்தான் திரும்பத் தின்னும் என்றார். இதைவிட நன்றாக அந்த விதியை நான் சொல்லியிருக்க முடியாது.

இருபத்துநான்கையும் ஒன்றாகக் கலைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மேலே வரும் சீட்டு நீலமாக இருக்கும் நான்கில் ஒன்றாக இருக்க இருபத்துநான்கில் நான்கு வாய்ப்பு, அதாவது ஆறில் ஒன்று. மேலே வைத்ததால் எட்டில் நான்கு, அதாவது சரிபாதி. தாளில் வெளிச்சம் விழுந்த அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டு விளையாடினால் தீவு மெதுவாக, எங்கெங்கோ நனைந்துகொண்டிருக்கும். யாருக்கும் பதற்றம் வராது. ஆட்டம் மந்தமாக இருக்கிறது, தோற்கவே மாட்டேன் என்கிறோம் என்று யாராவது சொன்னால், கட்டை எப்படிக் கலைக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இதை உருவாக்கிய மேட் லீகாக் இதே உத்தியைத் தன் முந்தைய விளையாட்டான 'பேண்டமிக்'கில் நோய் பரவுவதற்கு வைத்திருந்தார். 2010இல் வந்த இந்தத் தீவு அதன் எளிய தம்பி.

மச்சானிடம் மணல்மூட்டை இருந்தது. அது செயல் கணக்கில் சேராது. எந்த நேரத்திலும் போட்டு எந்தத் துண்டையும் மீட்கலாம். வெள்ளச் சீட்டு எடுக்கும் முன்பே போடலாமா என்று கேட்டார். போடலாம். கோரல் பேலஸுக்குப் போடச் சொல்லிப் பிள்ளைகள் கத்தினார்கள். அவர் ஃபூல்ஸ் லேண்டிங்குக்குப் போட்டார். எடுத்த இரண்டு சீட்டு: கோரல் பேலஸ், ஃபூல்ஸ் லேண்டிங். முன்னது மூழ்கிப் பெட்டிக்குள் போனது. பின்னது மறுபடியும் நீலமானது, அவ்வளவே. மூட்டை விழாமல் இருந்திருந்தால் இரண்டாவது முறையிலேயே ஆட்டம் முடிந்திருக்கும்.

அடுத்தது அக்காவின் முறை. இங்கேதான் எல்லோரையும் நிறுத்தி, போட்ட கட்டை எடுத்துக் காட்டினேன். அதில் ஒரே ஒரு சீட்டு, ஃபூல்ஸ் லேண்டிங். கோரல் பேலஸின் சீட்டு ஆட்டத்தை விட்டே போய்விட்டது. எடுக்கும் கட்டின் மேலே பழைய எட்டில் மீதி ஆறு. அவற்றில் நீலமாக இருப்பவை மிஸ்டி மார்ஷும் வாட்ச்டவரும். அடுத்த மூன்று முறைக்குள் அவை மூழ்குவது ஏறக்குறைய உறுதி. ஃபூல்ஸ் லேண்டிங்கின் சீட்டு கீழே கிடப்பதால், இன்னொரு முறை நீர்மட்டம் உயரும் சீட்டு வரும் வரை அது பத்திரம். அதனால் முதலில் அந்த இரண்டையும் மீட்பதுதானே சரி என்றாள் மருமகள். கணக்கு நல்ல கணக்கு, ஒரு கண்ணி குறைகிறது. வெள்ளச் சீட்டுக்கு முன்னால் புதையல் சீட்டு எடுக்க வேண்டும். அப்போது நீர்மட்டம் உயரும் சீட்டு வந்தால், போட்ட கட்டில் இருக்கும் அந்த ஒரே சீட்டு எடுக்கும் கட்டின் உச்சிக்குப் போகும். உடனே கையில் வரும். தீவு முடிந்தது.

எத்தனை வாய்ப்பு? கட்டில் அப்போது மிச்சம் பதினாறு புதையல் சீட்டு. 28இல் எட்டைத் தொடக்கத்தில் பிரித்துக் கொடுத்தோம். அதில் அந்தச் சீட்டு எதுவும் வரவில்லை. வந்திருந்தால் திருப்பிக் கட்டில் சேர்க்க வேண்டும் என்பது விதி. இருவர் முறையில் நான்கு எடுத்தாயிற்று. பதினாறில் உயரும் சீட்டு இரண்டு. இரண்டு சீட்டு எடுக்கும்போது ஒன்றாவது அதுவாக இருக்க ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. மிஸ்டி மார்ஷிலும் வாட்ச்டவரிலும் புதையல் இல்லை, போனால் போகட்டும். நாலில் ஒரு பங்கு ஆபத்துக்கு ஃபூல்ஸ் லேண்டிங்கை விட முடியாது. அக்கா ஒரு கட்டம் நகர்ந்து அதன் பக்கத்துக்கு வந்து மீட்டார். மூன்றாவது செயலில் கைக்கு எட்டிய வாட்ச்டவரையும் மீட்டார். அந்த முறையில் உயரும் சீட்டு வரவில்லை. வரவில்லை என்பதால் அவர் செய்தது தேவையில்லாத வேலை என்று மருமகன் சொன்னதற்கு மச்சான் அவனைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

விதி புரிந்தபின் வந்த தொல்லை வேறு. ஒரே கட்சி விளையாட்டில், கணக்கு முதலில் பிடிபட்டவர் எல்லோருக்கும் காய் நகர்த்தத் தொடங்கிவிடுவார். மச்சான் படகில் தொழிலாளிகளை ஏவிப் பழகியவர். மருமகள் காயை அவரே தூக்கி வைத்தார். யோசனை யாரும் சொல்லலாம், காயைத் தொடுவது அவரவர் கைதான் என்று ஒரு கட்டுப்பாடு போட்டேன். இது தாளில் இல்லை. எந்தக் குடும்பத்துக்கும் இதைச் சேர்த்தே கற்றுக்கொடுப்பேன்.

அன்றைய ஆட்டத்தில் தோற்றார்கள். கையில் ஐந்துக்கு மேல் சேர்ந்தபோதெல்லாம் ஹெலிகாப்டர் சீட்டைக் கீழே போட்டுக்கொண்டே வந்ததுதான் காரணம். மூன்று சீட்டும் போன பிறகு, புதையல் நான்கும் கையில் இருக்க, அது மறுபடி வருவதற்குள் தரையிறங்கும் துண்டு மூழ்கிவிட்டது. புதையல் கட்டு தீர்ந்தால் போட்டவற்றைக் கலைத்து மறுபடி கட்டாக்கலாம், ஆனால் அதோடு உயரும் சீட்டுகளும் திரும்பி வரும்.

பிறகு விளையாடியபோது எழுந்த கேள்விகள் இரண்டு. ஒரே முறையில் உயரும் சீட்டு இரண்டும் வந்தால்? குறி இரண்டு கோடு ஏறும், கட்டைக் கலைத்து மேலே வைப்பது ஒரு தடவைதான். துண்டு மூழ்கும்போது அதில் நிற்பவர் எங்கே போவார்? நேர்ப் பக்கத்தில் இருக்கும் துண்டுக்கு உடனே நீந்துவார், செயல் கணக்கில் வராது. எக்ஸ்ப்ளோரர் மூலையாகவும் போகலாம், பைலட் எங்கும் பறக்கலாம். நீந்திப் போக இடமில்லாமல் ஒருவர் மூழ்கினால், மீதிப் பேர் புதையலோடு ஹெலிகாப்டரில் ஏறிவிடலாமா என்று மருமகன் கேட்டான். முடியாது. நான்கு பேரும் ஏறினால்தான் வெற்றி.